ஞாயிற்றுக்கிழமைத் தூரம்

எங்கள் வீட்டில் தூரம் என்றால் தூரம்தான். மாதவிலக்கு, பீரியட்ஸ் என்று ஊரில் எத்தனை சொல் புழங்கினாலும், தென்காசி கோயிலைச் சுற்றிய தெருவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் அந்த ஒரே சொல்தான். மாமனார் வழியில் கோயிலில் ஒரு பூசைக் கட்டளை உண்டு. நிலமெல்லாம் போய்விட்டது, கட்டளை மட்டும் மிச்சம். அதனால் பெண்களுக்கு அந்த மூன்று நாள் பின்கட்டு அறை. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, தனித் தட்டு, தனி டம்ளர்.

நான் தபால் நிலையத்தில் கவுண்ட்டரில் உட்காருகிறவள். அந்த நாட்களிலும் போவேன். பாதி ஊர் என் கையால் பணம் வாங்கிக்கொண்டு போகும். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் வாசல் வழியாக நுழையக் கூடாது, பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். கல்யாணமான புதிதில் இதற்காகச் சண்டை போட்டேன். பிறகு, கவுண்ட்டரில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்து மூன்று நாள் சமைக்காமல் படுத்துக்கிடப்பதில் என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அப்படி இறங்கின குரலில் நான் தோற்ற சண்டைகள் நிறைய.

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே அடுப்பில் பதினைந்து வருடத்துக்கு மேல் சமைத்தவர்கள் நாங்கள். ஓரகத்திகள் ஒற்றுமையாக இருந்தால் மழை பெய்யாது என்று தெருவில் கேலி செய்வார்கள். சாரல் தவறாமல் பெய்துகொண்டுதான் இருந்தது. அக்கா சொதி வைத்தால் தெருமுனை வரை மணக்கும். தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால் பிரித்து, இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் பக்கத்தில் வைத்து அவள் பரிமாறும்போது, ஞாயிற்றுக்கிழமை என்று தனியாகக் காலண்டர் பார்க்க வேண்டாம்.

அந்தச் சொதி அத்தானுக்காக. அத்தான் என்றால் அக்காவின் கணவர். மதுரையில் வேலை. சனிக்கிழமை சாயந்தரம் ரயிலில் வந்து, திங்கள் காலையில் திரும்பிப் போவார். எல்லா வாரமும் வர முடியாது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது நடந்த சமயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சொதி வைக்கும் வேலை என் தலையில் விழ ஆரம்பித்தது. காலையில் எழுந்து அடுக்களைக்கு வந்தால் அக்கா இருக்கமாட்டாள். பின்கட்டுக் கதவு சாத்தியிருக்கும். "தூரமாயிட்டேன்ட்டி, நீயே வச்சிரு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதத்தில் ஒருமுறை என்பது இரண்டு முறை ஆயிற்று. நிற்கப்போகிற வயதில் அப்படித்தான் முன்னும் பின்னுமாக வரும் என்று தெருப் பெண்கள் சொன்னார்கள். சூட்டு உடம்பு என்றும் சொன்னார்கள். வெந்தயம், வெண்பூசணிச் சாறு, இளநீர் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டு, கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். குற்றாலத்தில் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் எந்தச் சூடும் இறங்கிவிடும்.

என் மாமியாருக்கு வேறு கணக்கு இருந்தது. அத்தை கண் கொஞ்சம் மங்கல், காது நல்ல கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வைத்த சொதியை அத்தான் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்.

"எம்மவன் வாற அன்னைக்குத்தான் இவளுக்குத் தூரம் வரும். அவன் வராத ஞாயித்துக்கிழமை தூரம் எங்க போவுதுன்னு கேளு."

சமைக்கச் சோம்பல், புருஷனுக்கு ஆக்கிப்போட மனசில்லை என்பது அதன் அர்த்தம். அத்தான் தலையைத் தூக்கவில்லை. நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அத்தை சொன்ன அந்த இரண்டு வாக்கியத்தில் நோய் முழுதும் இருந்தது. அதை அவள் திட்டாகச் சொன்னாள், நாங்களும் திட்டாகவே கேட்டுக்கொண்டோம்.

அக்கா ஒருமுறை தானாகவே ஒரு லேடி டாக்டரிடம் போனாள். மாதத்தில் இரண்டு தடவை வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். ரத்தம் நிற்க மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், நின்றதும் கட்டாயம் வாருங்கள், உள்ளே பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மாத்திரையில் நின்றுவிட்டது. நின்றபிறகு எதற்குப் போய்க் காட்டவேண்டும் என்று அக்கா போகவில்லை. எங்கள் வீட்டில் ரத்தம் இருந்தால் தூரம், நின்றால் சுத்தம். நடுவில் வேறு எதுவும் கிடையாது.

இன்னொரு முறை, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிறோம், இலவசம்தான், வாருங்கள் என்று சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து தெருவில் சொல்லிவிட்டுப் போனாள். நானும் அக்காவும் போவதாகவே இருந்தோம். அது ஒரு திங்கட்கிழமை. அத்தான் அன்று காலையில்தான் ஊருக்குப் போயிருந்தார். அக்கா பின்கட்டில். நான் மட்டும் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டேன், எங்க அக்காவும் வரலாமா என்று. என்ன பிரச்சினை என்று நர்ஸ் கேட்டாள். பிரச்சினை ஒன்றுமில்லை, தூரம் என்றேன். அப்படியென்றால் இன்றைக்குப் பார்த்தால் சரியாகத் தெரியாது, முடிந்ததும் வரச் சொல்லுங்கள் என்றாள். அவள் சொன்னது சரிதான். அவளிடம் போய்ச் சேர்ந்த சொல்தான் தப்பு.

எனக்கு அன்று பரிசோதித்தார்கள். கருவி வைத்து, கர்ப்பப்பை வாயில் ஏதோ மருந்தைத் தடவி, கொஞ்ச நேரம் கழித்து வெள்ளையாக மாறுகிறதா என்று பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து அக்காவிடம், இவ்வளவுதான், டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது என்று சொன்னேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அங்கனல்லாம் காட்டிட்டா வந்த?" என்று கேட்டுச் சிரித்தாள்.

போன வருடம் சாரல் ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அத்தை எல்லோரையும் குற்றாலத்துக்குக் கிளப்பிவிட்டாள். அதிசயமாக அக்கா பின்கட்டில் இல்லை, நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு தயாராக நின்றாள். ஆண்கள் பைக்கில் முன்னால் போக, நாங்கள் ஆட்டோவில் போனோம். பேரருவியில் கூட்டம் தாங்காது என்று பழைய அருவிக்குப் போனோம். மலையில் மேகம் பாதி வரை இறங்கியிருந்தது. பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவே இடி வாங்க வேண்டியிருந்தது. அக்கா அருவிக்கு நேர் கீழே போய் நின்றாள். நல்லா வாங்கு, இடுப்பில் வாங்கு என்று அத்தை கரையிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அப்போது இடுப்புவலியும் இருந்தது. அதுவும் சூடுதான் என்று முடிவாகியிருந்தது.

துணி மாற்றும் அறையில் அக்கா ஈரப் பாவாடையை உருவியபோது நான் பார்த்துவிட்டேன். தண்ணீரோடு கலந்து தொடையில் இறங்கிக்கொண்டிருந்தது. பாவாடையைப் பிழிந்தால் சிவப்பாக வந்தது. ஒரு மாதிரி வாடையும் அடித்தது. அக்கா அதைப் பந்தாகச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, அத்தையிடம் சொல்லாதே என்றாள். தூரம்தானே, எதற்குச் சொல்லாமல் இருக்க வேண்டும், போன தடவைக்கும் இதற்கும் நாள்கூடச் சரியாக இருக்கிறதே என்று கேட்டேன். வெளியே பெண்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவுக எங்கிட்ட வந்தா மறுநா வந்துருதுட்டி" என்றாள். "வரலைன்னா இல்ல."

எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு அவளே சொன்னாள். அத்தான் ஒருமுறை பயிற்சி என்று ஒரு மாதம் போல வராமல் இருந்தபோது, அந்த மாதம் தூரம் ஒரே தடவைதான் வந்ததாம். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் பொட்டுப்பொட்டாகத்தான் வந்திருக்கிறது. இப்போது இரண்டு நாள் நிற்காமல் போகிறது. இடையில் வெள்ளையும் படுகிறது. வலிக்கவில்லை, அதனால் பயப்படவில்லை. வெட்கம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்கட்டில் போய் உட்கார்ந்தால், ராத்திரி புருஷன்கூட இருந்தேன் என்று வீட்டுக்கே பறையடித்துச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே, அதற்குத் தூரம் என்று சொல்லிவிட்டால் கௌரவமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். ரத்தத்தோடு விளக்குப் பக்கம் போகவும் பயம். தூரம் என்ற ஒரே சொல்லில் சாமிக்கும் தப்பு வராது, மனிதருக்கும் தெரியாது.

அவளை அப்படியே உலுக்க வேண்டும்போல எனக்குக் கோபம் வந்தது. "இத ஏன்க்கா அந்த டாக்டர்ட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டேன், இறங்கின குரலில். கேட்டால் சொல்லியிருப்பேன், கேட்கவில்லையே என்றாள்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் படுகிறது, இன்றைக்குப் பார்க்கமாட்டார்கள் என்று அவள் தட்டிக்கழித்தாள். பார்க்கமாட்டேன் என்றால் அங்கேயே உட்கார்ந்திருப்போம் என்றேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் கடையத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்திருந்தாள். கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்ன செய்கிறது என்று நான்தான் வாய்விட்டுக் கேட்டேன். தபால் நிலையப் புத்தி, எதையும் கேட்டுவிடுவேன். அவளும் கூச்சப்படாமல் சொன்னாள். புருஷன்கூட இருந்தால் ரத்தம் வருகிறதாம். இரண்டாவது தடவை வந்ததுமே புருஷனே கிளம்பு என்று சொல்லிவிட்டானாம். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் உள்ளே போய்ச் சீக்கிரமே வெளியே வந்தாள். கர்ப்பப்பை வாயில் சின்னதாக ஒரு சதை தொங்கிக்கொண்டிருந்ததாம். டாக்டர் அங்கேயே திருகி எடுத்துவிட்டார், சோதனைக்கு அனுப்பியிருக்கிறார், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்றாராம். தாயிடமிருந்து குழந்தையை வாங்கி முத்தம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் வடை வாங்கித் தின்றுகொண்டே போனாள். அக்காவுக்கும் அதேதான் இருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கைக்காக அந்தப் பெண்ணை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். எங்களுக்குக் கடைசியாகக் கிடைத்த நம்பிக்கை அதுதான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அக்கா வழக்கம்போல, மாசத்தில் ரெண்டு தடவை தூரம் வருகிறது என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கே விழுந்து, தூரமில்லை, புருஷனோடு இருந்தால் மறுநாள் ரத்தம் வருகிறது என்று சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். ரெண்டு சாரல் என்றாள் அக்கா, இரண்டு வருடம் என்றேன் நான். டாக்டர் திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார். இப்படி ரத்தம் வரப் பல காரணம் உண்டு. கிருமித் தொற்றால் கர்ப்பப்பை வாய் புண்பட்டிருக்கலாம். உள்ளே இருக்க வேண்டிய மெல்லிய தோல் வெளிப்பக்கம் வந்து, தொட்டதும் கசியலாம். சதை வளர்ந்திருக்கலாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வறண்டுபோய்க் கீறலாம். நிறையப் பேருக்கு இதில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும், மருந்திலோ சின்ன சிகிச்சையிலோ சரியாகிவிடும். சிலருக்குப் புற்றுநோய், அல்லது அதற்கு முந்தின நிலை.

"எல்லாத்துக்கும் வர்றது ஒரே ரத்தம்தாம்மா. ரத்தத்தப் பாத்து எதுன்னு சொல்ல முடியாது. உள்ள பாத்தாத்தான் தெரியும். அதனாலதான் ஒரு தடவை வந்தாலும் வாங்கன்னு சொல்லுதோம்."

அக்கா படுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கருவியை வைத்து விளக்கைத் திருப்பினார். அதுவரை எங்களிடம் பேசிக்கொண்டே வேலை செய்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். நர்ஸிடம் பஞ்சு, பஞ்சு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். தொட்ட இடமெல்லாம் ரத்தம் என்பது தட்டில் விழுந்த பஞ்சைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு சின்னத் துணுக்கு எடுத்தார். பிறகு கையுறை மாற்றி விரலால் உள்ளேயும் பின்பக்கமாகவும் சோதித்தார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். முடிந்ததும் டாக்டர் வெகுநேரம் கை கழுவினார்.

துணுக்கின் முடிவு வருவதற்குள்ளேயே ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். அதில் ஒரு பக்கச் சிறுநீரகம் வீங்கியிருந்தது. முடிவு வந்ததும் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அங்கே இன்னும் பெரிய ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இடுப்பெலும்புச் சுவர் வரை பரவி, சிறுநீர்க் குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. நெஞ்சிலும் புள்ளி புள்ளியாகப் போயிருந்தது. இடுப்புவலி என்று நாங்கள் அருவியில் இடி வாங்க வைத்தது இதைத்தான்.

அங்கே இருந்த பெரிய டாக்டர் அத்தானையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். முன்னாலேயே வந்திருந்தால் அறுவைச் சிகிச்சையோ, கதிர்வீச்சும் மருந்துமாகவோ கொடுத்து முழுதாகக் குணப்படுத்தப் பார்த்திருக்கலாம். அதற்கும் முன்னால், புற்றாக மாறாத நிலையில் பரிசோதனையில் தெரிந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ எடுத்தோ அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த நிலையிலிருந்து இங்கே வந்து சேரப் பல வருடம் எடுத்துக்கொள்ளும் நோய் இது. இப்போது குணம் என்பது கிடையாது. கொஞ்ச நாள் கதிர்வீச்சு கொடுத்தால் ரத்தப்போக்கு நிற்கும், வலி குறையும். நோய் போகாது. அதை அவர் இரண்டு தடவை சொன்னார். நான் இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

அத்தான் எழுந்து நின்று, "என்னால வந்ததா சார்? நான் போறப்பல்லாம் வந்துச்சாமே" என்று கேட்டார். ஐம்பது வயது மனிதர் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையனைப்போல நின்றதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். இது ஒரு வைரஸால் வருவது, கல்யாணமான பெரும்பாலோர் உடம்பில் எப்போதாவது வந்து தானாகப் போய்விடும், சிலருக்குத்தான் போகாமல் தங்கி இப்படி ஆகும், யார் மேலும் குற்றம் இல்லை என்றார். நீங்கள் தொட்டதால் நோய் வரவில்லை, ஏற்கெனவே இருந்த கட்டி தொட்டதும் ரத்தம் கசிந்தது, அது உங்களுக்குக் கிடைத்த தகவல் என்றார். அத்தான் தலையாட்டினார். ஆனால் அவர் காதில் முதல் பாதி விழவில்லை என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்தபிறகு அவர் அக்காவின் கட்டிலில் உட்காருவதில்லை. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருவார். விரல் பட்டால்கூட ரத்தம் வந்துவிடும் என்று பயந்தவர்போல, தண்ணீர் டம்ளரைக்கூடக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். அவள் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டாள். "நாத்தம் அடிக்கி, அதான் வரமாட்டேங்காவ" என்று என்னிடம் சொன்னாள். இல்லை என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் நம்பவில்லை.

அக்கா இப்போது எந்நேரமும் பின்கட்டில்தான். ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால் அவளாகவே உள்ளே வர மறுத்தாள். நான் அத்தையிடம் போய் நின்றேன். இது நோய், தூரமில்லை, அவளை முன்கட்டில் காற்று வருகிற அறையில் படுக்கவைக்க வேண்டும் என்றேன். அத்தை மறுக்கவில்லை. நேரே போய்ப் பின்கட்டு வாசலில் நின்று, "உள்ள வாம்மா" என்று கூப்பிட்டாள். அந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அத்தை யாரையும் அம்மா போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அக்காதான் வரவில்லை. விளக்கு இருக்கிற இடம் அத்தை, நின்னதும் வாரேன் என்றாள். அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

பார்க்க வந்த பெண்களிடம் எல்லாம் நான் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். கர்ப்பப்பையில் கட்டி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்று என் கணவர் சொன்னதை நான் கேட்கவில்லை. புருஷனோடு இருந்தபிறகு ரத்தம் வந்தால், ஒரு சொட்டுதான் என்றாலும், தூரம் என்று உட்காராதீர்கள், போய்க் காட்டுங்கள், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள் என்றேன். சிலர் தரையைப் பார்த்தார்கள். சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வீரகேரளம்புதூரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்த வருடம் சாரல் சீக்கிரமே நின்றுவிட்டது, அருவியில் இன்னும் கொஞ்ச நாள் தண்ணீர் விழுந்திருந்தால் சூடு கொஞ்சம் அடங்கியிருக்கும் என்றாள். நான் எழுந்து போய் அவளுக்குக் காபி போட்டேன். வேறு என்ன செய்வது?

திருநெல்வேலியில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். தினமும் காரில் போய்வர முடியாமல் அங்கேயே வார்டில் தங்கினோம். மெலிந்து, வாந்தியெடுத்து, வயிறு இளகி, ஒருவழியாக அக்கா வீடு திரும்பினாள். அப்புறம் மெல்ல மெல்ல ரத்தம் குறைந்தது. திட்டுத்திட்டாக வந்தது. பிறகு ஒருநாள் துணி வெள்ளையாகவே இருந்தது. அடுத்த நாளும் அப்படியே இருந்தது. டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. அவர் சொன்னதில் இந்தப் பாதிதான் எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்தது.

வீடே மாறிவிட்டது. அத்தை கோயிலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தாள். ரத்தம் நின்றுவிட்டதே, இனி எதற்கு அவ்வளவு தூரம் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும் என்று அத்தானே கேட்டார். சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும், வலி மாத்திரையை ஏற்றித்தர வேண்டும் என்று வரச் சொல்லியிருக்கிறார்கள், நோய் அப்படியேதான் இருக்கிறது, உங்கள் முன்னால்தானே டாக்டர் சொன்னார் என்றேன். அவர் என்னைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தார். "நின்னுட்டுல்லாம்மா" என்றார். அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்க அவருக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. மாத்திரைக்கு மட்டும் நானே போய்வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா தலைக்கு ஊற்றிக்கொண்டாள். நான்தான் ஊற்றினேன். முதுகெலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. புதுச்சேலை கட்டவைத்து முன்கட்டுக்குக் கூட்டிவந்தேன். வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் நின்றாள். அத்தை எண்ணெயும் திரியும் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். அக்கா தீப்பெட்டியை வாங்கி உரசினாள். முதல் குச்சி அணைந்தது. அடுத்ததில் விளக்கு பிடித்துக்கொண்டது. அத்தான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வருகிறவர் அன்று வெள்ளிக்கிழமையே வந்திருந்தார்.

கும்பிட்டுவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள். முகம் பூத்திருந்தது. வெகுநாளாக நான் பார்க்காத முகம்.

"நின்னுட்டுல்லாட்டி?"

"நின்னுட்டுக்கா" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. குரல் மட்டும் இறங்கிவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அத்தானை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்து, "ஞாயித்துக்கிழம சொதி நான் வைக்கேன். நீ வச்சி வச்சி அவுக நாக்கே செத்துப்போச்சி" என்றாள்.

நான் சிரித்தேன். பையை எடுத்துக்கொண்டு தேங்காய் வாங்கக் கிளம்பினேன்.